மேடையில் ஒரு பிடி நெல்

போன இதழில் மன்னார்குடி மாணவி ஒருத்தியின் கேள்வியைப் போட்டு, பதில் அடுத்த இதழில் என்றோம். அதற்குள் அவளுக்காகவும் அவளுக்கு எதிராகவும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரு பள்ளிக்கூடப் பேச்சுக்கு இத்தனை பேர் முட்டுக் கொடுப்பது நல்ல காலம்தான். இந்த முறை பகுதி முழுவதும் அவளுக்கே.

எட்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

கேள்வி: எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு: 'உணவுப் பாதுகாப்பிலும் அன்றாட வாழ்விலும் தாவரங்கள்'. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: எப்படி ஆரம்பிக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மரங்கள் நமக்கு ஆக்ஸிஜன் தருகின்றன' என்று தொடங்காதே. உனக்கு முன்னால் பேசும் நான்கு பேரும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள். ஐந்தாவது ஆளாக நீயும் சொன்னால் அரங்கத்தில் ஆக்ஸிஜன் தட்டுப்பாடே வந்துவிடும். ஒரு பிடி நெல்லோடு மேடை ஏறு. ஏன் நெல் என்று கீழே மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள், படித்துக்கொண்டே வா.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், கும்பகோணம்

கேள்வி: தாவரம் என்றால் ஆக்ஸிஜன். அதை விட்டுவிட்டு என்ன அறிவியல் பேச்சு?

பதில்: ஐயா, ஆக்ஸிஜனைத் தாவரம் தருகிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கணக்கில்தான் சண்டை. உலகத்தில் ஒளிச்சேர்க்கை வழியே வெளிவரும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை. அவற்றுக்கு யாரும் வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைப்பதில்லை. முற்றிய காடு ஒன்று பகலில் விடும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதியை, அந்தக் காடும் அதில் வாழும் உயிர்களும் உதிர்ந்த இலையை மக்கச் செய்யும் பூஞ்சைகளும் திரும்பச் செலவழித்துவிடுகின்றன. காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்ஸிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய சேமிப்பு. நாளைக் காலை எல்லாத் தாவரங்களும் வேலைநிறுத்தம் செய்தால் நமக்கு முதலில் தீர்வது மூச்சு அல்ல, சோறு. ஆகவே பேச்சு சோற்றில் தொடங்கட்டும்.

பலசரக்குக் கடைக்காரர், விருத்தாசலம்

கேள்வி: சோறு மண்ணில் விளைகிறது. இதில் பேச என்ன இருக்கிறது?

பதில்: அண்ணாச்சி, அந்த மண்ணையே ஒருவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டார். வான் ஹெல்மான்ட் என்பவர் இன்றைய பெல்ஜியம் இருக்கும் பகுதியில் வாழ்ந்தவர். உலர்த்திய மண்ணைச் சுமார் 90 கிலோ எடைபோட்டுத் தொட்டியில் நிரப்பினார். இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோவாக வளர்ந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி எடைபோட்டால் குறைந்திருந்தது வெறும் ஐம்பது அறுபது கிராம். அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது.

தராசு சரி, தீர்ப்பு தப்பு. அவர் எடைபோட மறந்தது காற்றை. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, வேரிலிருந்து வரும் நீரின் ஹைட்ரஜனைச் சேர்த்து, வெயிலை அடுப்பாக வைத்துச் சர்க்கரை சமைக்கிறது. அந்தச் சர்க்கரையைக் கோத்து நெல்மணிக்குள் மாவுச்சத்தாக அடுக்குகிறது. 100 கிராம் மாவுச்சத்தில் 90 கிராமுக்கு மேல் காற்றிலிருந்து வந்த கார்பனும் ஆக்ஸிஜனும்தான். மண் தருவது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலியவை. அளவில் கொஞ்சம், ஆனால் அவை இல்லாமல் அடுப்பு எரியாது. நீங்கள் மூட்டை மூட்டையாக விற்பது, கெட்டியாக்கிய காற்று. விலையை மட்டும் காற்றில் பறக்கவிடாதீர்கள்.

இல்லத்தரசி, சிவகாசி

கேள்வி: தலைப்பில் 'அன்றாட வாழ்வு' என்றும் இருக்கிறதே? பிள்ளை எதைச் சொல்லும்?

பதில்: பட்டியல் வாசிக்க வேண்டாம். பருத்திச் சீருடை, மரப் பென்சில், புளி, மிளகு என்று போனால் மளிகைச் சீட்டாகிவிடும். ஒரே ஒரு குடும்பத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். இட்லி அரிசி, உப்புமாவின் கோதுமை ரவை, கேழ்வரகுக் கூழ், கம்பங்களி, பாப்கார்னின் மக்காச்சோளம், காபியில் போட்ட கரும்புச் சர்க்கரை, கொடிக்கம்பத்து மூங்கில் எல்லாமே தாவரவியலில் புல் குடும்பம். மாடும் புல் தின்கிறது, நாமும் புல் தின்கிறோம். நாம் தாளித்துத் தின்கிறோம் என்பதுதான் வித்தியாசம். காபியில் ஊற்றிய பாலும் வைக்கோல் தின்ற மாட்டிடமிருந்து வந்ததால் அதுவும் ஒருவகையில் புல்தான்.

சிரித்து முடித்ததும் அவள் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். அறிவியலுக்குத் தெரிந்த தாவரங்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஆனால் மனிதகுலம் தாவரங்களிலிருந்து பெறும் உணவுச் சக்தியில் பாதிக்கும் மேல் நெல், கோதுமை, மக்காச்சோளம் என்ற மூன்றே புற்களிடமிருந்து வருகிறது. முக்காலி உறுதியானதுதான். ஆனால் ஒரு கால் உளுத்தால் உட்கார்ந்திருப்பவர் தரையில்.

வங்கி ஊழியர், சென்னை

கேள்வி: உணவுப் பாதுகாப்பு என்றால் கிடங்கில் பூட்டு போடுவதா?

பதில்: பூட்டிய கிடங்கு இருந்தும் பட்டினி கிடந்திருக்கிறோம், சார். 1943இல் வங்காளப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் இறந்தார்கள். நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் தாக்கியதும் புயல் அடித்ததும் உண்மை. ஆனால் விளைச்சல் குறைந்ததைவிட, போர்க்கால விலையேற்றத்தில் கூலிக்காரரின் கைக்கு அரிசி எட்டாமல் போனதே பெரிய காரணம் என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் வாதிட்டார். விளைச்சல் காரணமா, விலை காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

எனவே உணவுப் பாதுகாப்புக்கு நான்கு கால்கள் சொல்கிறார்கள். உணவு விளைய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும், உடம்பில் ஒட்ட வேண்டும், இந்த மூன்றும் வருடா வருடம் தவறாமல் நடக்க வேண்டும். இரண்டாவது காலுக்குத்தான் ரேஷன் கடை. மூன்றாவதற்குச் சத்துணவில் முட்டை. முதல் காலும் நான்காவது காலும் தாவரவியல் பாடம். நம் மாணவி அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடத்தில் நாலு காலிலும் ஓடினால் மூச்சு வாங்கும்.

கல்லூரி மாணவர், ஆடுதுறை

கேள்வி: எங்கள் தாத்தா இன்னமும் 'ஐ.ஆர்.எட்டு' என்று சொல்லி மீசையை முறுக்குகிறார். அப்படி என்ன செய்தது அது?

பதில்: குள்ளமாக இருந்தது. அவ்வளவுதான் செய்தது.

தாத்தாவின் அப்பா காலத்து நெல் ஆளுயரம் வளரும். யூரியா போட்டால் இன்னும் வளரும். கதிர் கனத்ததும் ஒரு மழை, ஒரு காற்று. வயல் மொத்தமும் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிடும். உரம் போட்டவன் தலையிலேயே துண்டு. 1962இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பீட்டாவையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் ஒட்டுச் சேர்த்தார்கள். அது எட்டாவது ஒட்டு, அதனால் பெயரில் எட்டு. 1966இல் வெளிவந்தது.

குட்டைத் தகப்பனிடம் இருந்தது ஒரு 'கெட்டுப்போன' மரபணு. ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைப் பயிர் போதிய அளவு தயாரிக்க அது விடுவதில்லை. தண்டு இடுப்பளவில் நின்றுவிடும். தண்டுக்குப் போகவேண்டிய சாப்பாடு மணிக்குப் போகும். உரம் போட்டாலும் சாயாது. உரமும் நீரும் சரியாகக் கிடைத்த சோதனை வயல்களில் ஹெக்டேருக்கு ஒன்பது, பத்து டன் கண்டார்கள். அந்நாளில் ஆசியாவின் வயல்கள் சராசரியாக ஒன்றிரண்டு டன் கொடுத்துக்கொண்டிருந்தன.

தாத்தா மீசையை முறுக்கும்போது பாட்டியின் முகத்தையும் பாருங்கள். அந்த அரிசி ஆறினால் விறைத்துப்போகும், பழைய சோற்றுக்கு லாயக்கில்லை. வைக்கோலும் குட்டை, மாட்டுக்குக் காணாது. சாதனையைச் சொல்லும்போது பாட்டியின் குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியல் பேச்சு. இல்லாவிட்டால் விளம்பரம்.

விவசாயி, வலங்கைமான்

கேள்வி: ரகம் வந்தது, விளைந்தது, கதை முடிந்தது. மாணவி இதில் புதிதாக என்ன சொல்லப்போகிறாள்?

பதில்: கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்களுக்குத் தெரிந்த வில்லன்தான், புகையான்.

ஒரே மாதிரிப் பயிர், அடர்ந்த நடவு, தாராளமான தழைச்சத்து, வருடம் முழுக்கப் பச்சை. புகையானுக்கு இதைவிடக் கல்யாண விருந்து வேண்டுமா? 1970களில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நம் கேரளம் என்று எங்கும் வயல்கள் வட்டம் வட்டமாகத் தீய்ந்தன. சாறு உறிஞ்சியது போதாதென்று அந்தப் பூச்சி வாயில் ஒரு வைரஸையும் சுமந்து வந்தது. அது பிடித்த பயிர் குத்துக் குத்தாகத் தூர் வெடித்து, வெளிறிய ஒல்லி இலைகளோடு புல் கட்டு மாதிரி நிற்கும். கதிர் வராது, வந்தாலும் பதர். புல் குட்டை நோய் என்று பெயர். வைரஸுக்கு மருந்தடிக்க முடியாது. எதிர்த்து நிற்கும் செடி வேண்டும்.

லாஸ் பானோஸில் தேடினார்கள். சேர்த்துவைத்திருந்த விதைப் பைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக முளைக்கவிட்டு, வைரஸ் ஏறிய புகையானை மேயவிட்டுப் பார்த்தார்கள். பயிராகும் நெல் ஒன்றுகூடத் தேறவில்லை. தேறியது ஒரே ஒரு பை, அதிலும் எல்லா நாற்றும் அல்ல, சில நாற்றுகள் மட்டும். அந்தப் பையில் இருந்தது காட்டு நெல். ஒரைசா நிவாரா என்பது தாவரவியல் பெயர். உத்தரப்பிரதேசத்தில் குட்டையோரம் சேகரித்தது. தரையில் படரும், மணியில் நீண்ட மீசை இருக்கும், முற்றியதும் மணி தானாகக் கொட்டிவிடும். உங்கள் வயலில் முளைத்திருந்தால் களை என்று பிடுங்கி வரப்பில் எறிந்திருப்பீர்கள்.

கணக்கு ஆசிரியை, திருவாரூர்

கேள்வி: அந்தக் களையையா நாம் சாப்பிட்டோம்?

பதில்: வீசம் அளவு சாப்பிட்டோம், டீச்சர். உங்கள் பாடம்தான் இது.

காட்டு நெல்லின் மகரந்தத்தையும் நாட்டு நெல்லின் பூவையும் சேர்த்தால் பிறக்கும் பிள்ளையில் காடு அரை, வீடு அரை. நோயைத் தாங்கும். ஆனால் மணி கொட்டும், மீசை குத்தும். அதை மறுபடி நல்ல ரகத்தோடு சேர்த்தால் காட்டின் பங்கு கால். இன்னொரு முறை சேர்த்தால் அரைக்கால். இன்னொரு முறை சேர்த்தால் வீசம். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுகளின் மேல் வைரஸ் பூச்சியை விட்டு, பிழைத்ததை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் காட்டின் மற்றக் குணங்கள் கரைந்து போகும், வேண்டிய ஒரு மரபணு மட்டும் தங்கும். எதிர்ப்புக்கு அந்த ஒரே மரபணு போதுமானதாக இருந்தது அதிர்ஷ்டம். பத்து மரபணு சேர்ந்து செய்யும் குணமாக இருந்திருந்தால் கரைப்பதில் பாதி தொலைந்திருக்கும்.

நெல் விஞ்ஞானி குர்தேவ் குஷ் தலைமையில் நடந்த இந்த வேலையிலிருந்து 1976இல் வந்தது ஐ.ஆர்.36. அதன் வம்சாவளியில் ஆறு நாடுகளின் பதின்மூன்று ரகங்களும் இந்தக் காட்டு நெல்லும் உண்டு. நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர்குப்பம் பண்ணையின் டி.கே.எம்.6 அதில் ஒரு பாட்டன், கேரளத்துப் பட்டாம்பியின் ரகங்கள் வேறு பாட்டன்கள். 1980களில் ஆண்டுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேர் அளவில் பயிரானது. பட்டாம்பியும் திரூர்குப்பமும் குட்டையோரக் களையும் ஒரே இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட சம்பந்தி விருந்து அது.

பூச்சிமருந்துக் கடை நடத்துபவர், பட்டுக்கோட்டை

கேள்வி: அதோடு புகையான் ஒழிந்ததா? இல்லையென்றால் எங்கள் கடை எதற்கு இருக்கிறது?

பதில்: உங்கள் கடை இருப்பதே ஒழியவில்லை என்பதற்குச் சாட்சி. நாம் ஒரு பூட்டைச் செய்தால் பூச்சி ஒரு சாவியைச் செய்கிறது. ஐ.ஆர்.26 என்ற ரகம் 1973இல் புகையானைத் தாங்கும் பூட்டோடு வந்தது. மூன்றே ஆண்டுகளில் அதைத் தின்னத் தெரிந்த புகையான் கூட்டம் கிளம்பிவிட்டது. காட்டு நெல் தந்த வைரஸ் பூட்டுக்கும் 1980களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் சாவி போடும் வைரஸ் வகை தென்பட்டது. ஆகவே 'ஒரு முறை கண்டுபிடித்தோம், தீர்ந்தது' என்று மாணவி சொல்லக் கூடாது.

மன்னிக்க வேண்டும், மருந்தும் எப்போதும் மருந்தல்ல. கண்டபடி அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தி முதலில் சாகும், புகையான் முட்டையோ தண்டுக்குள் பத்திரமாக இருக்கும். பத்து நாளில் எதிரியே இல்லாத வயலில் புகையான் பெருகும். இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததற்கு இதுதான் காரணம்.

விவசாயி கண்டுபிடிக்கும் வழி எளிது. இலையைப் பார்த்துவிட்டு வராமல், பயிரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரைப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறப் பூச்சிகள் அங்கே அப்பியிருக்கும். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டு, தண்ணீரை வடித்து, யூரியாவைப் பிரித்துக் கொடுத்தால் வெயிலும் காற்றும் உள்ளே போகும். புகையானுக்கு நிழலும் ஈரமும் இல்லாத வீடு பிடிக்காது. மேலே எல்லாம் பச்சை என்று நம்பி இருந்தால், ஒரு நாள் காலையில் வயலில் வட்டமாகத் தீய்ந்த திட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கணவன்-மனைவி, கோயம்புத்தூர்

கேள்வி: மாப்பிள்ளைச் சம்பாதான் வேண்டும் என்கிறார் இவர். ஒட்டு ரகம்தான் ஊருக்குச் சோறு போடும் என்கிறேன் நான். யார் பக்கம் நீங்கள்?

பதில்: அம்மா, குடும்பச் சண்டையில் பக்கம் சேரும் அளவுக்கு எனக்கு வயசு குறைவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். புதிய ரகம் என்பது பழைய ரகத்தின் பேரன். பாட்டனை வீட்டை விட்டுத் துரத்திவிட்டுப் பேரனுக்கு எங்கே பெண் தேடுவது?

ஒடிசாவில் வெள்ளத்தில் நின்று பிழைக்கும் ஒரு நாட்டு நெல்லிலிருந்து எஃப்.ஆர்.13ஏ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். விளைச்சல் சுமார், ருசி சுமார். ஆனால் மற்ற நெல் தண்ணீருக்குள் மூழ்கினால் பதறிப்போய் எட்டி எட்டி வளர்ந்து, கையிருப்புச் சர்க்கரையை எல்லாம் செலவழித்து, தண்ணீர் வடியும்போது செத்துக் கிடக்கும். இது அப்படி அல்ல. மூச்சை அடக்கி, வளர்ச்சியை நிறுத்தி, சேமிப்பைத் தொடாமல் காத்திருக்கும். இரண்டு வாரம் ஆனாலும் நீர் வடிந்ததும் துளிர்க்கும். இதற்குக் காரணமான மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அதைச் சேர்த்த சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளிவந்தது. காவிரிப் படுகை அறிந்த சி.ஆர்.1009இலும் அந்த மரபணுவைச் சேர்த்து சி.ஆர்.1009 சப்1 வந்திருக்கிறது. நீர் வடியாத வயலில் இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அதுவும் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவாரூர் மாவட்டத்து நெல் ஜெயராமன் 2018இல் மறையும்வரை சுமார் 170 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்ததில் எதில் எந்தப் பூட்டு இருக்கிறது என்று இன்றைக்கே நமக்குத் தெரிந்துவிடாது. ஆகவே இவர் தட்டில் மாப்பிள்ளைச் சம்பா, உங்கள் தட்டில் பொன்னி. சமாதானம்.

ஐ.டி. ஊழியர், ஓசூர்

கேள்வி: எல்லா விதையையும் ஒரு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

பதில்: உங்கள் பாஷையில் சொன்னால், பேக்கப் எடுப்பது நல்லது. பேக்கப்பை ஒருநாளும் திறந்து பார்க்காமல் இருப்பது ஆபத்து. விதை வங்கியில் ஈரத்தை நன்றாக வற்றவைத்து, சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் பூட்டுகிறார்கள். லாஸ் பானோஸ் வங்கியில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் வகைகள் இருக்கின்றன. பேக்கப்புக்கே பேக்கப்பாக, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் மலையைக் குடைந்து 2008இல் ஒரு பெட்டகம் திறந்தார்கள். ஆனால் குளிரிலும் விதைக்கு வயசாகும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்து முளைக்கவைத்துப் பார்த்து, முளைப்பு குறைந்தால் வயலில் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் நெல்லுக்குப் புதுப் புகையான் யார் என்று தெரியாது. வயலில் இருக்கும் நெல்தான் அதோடு மல்லுக்கட்டி மாறிக்கொண்டே வரும். இரண்டும் வேண்டும்.

விதையின் விலை என்ன என்று கேட்டால் இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராடு முற்றுகையைச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவ் சேர்த்த விதைக் களஞ்சியத்தைக் காத்தவர்கள் அரிசிக்கும் கோதுமைக்கும் நடுவில் இருந்துகொண்டே பட்டினியால் செத்தார்கள், விதையைத் தொடவில்லை. வாவிலோவ் அந்நேரம் ஸ்டாலினின் சிறையில். 1943 ஜனவரியில் அவரும் அந்தச் சிறையில் பசியால் இறந்தார்.

அதே எட்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

கேள்வி: தலை சுற்றுகிறது! மேடையில் கையில் என்ன வைத்துக்கொள்ளட்டும்? ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்லட்டும்?

பதில்: ஒரு கண்ணாடிப் பாத்திரம், ஒரு லிட்டர் தண்ணீர், 150 கிராம் கல்லுப்பு, புது முட்டை ஒன்று, ஒரு பிடி விதைநெல். உன் தாத்தாவுக்குத் தெரிந்த வித்தைதான். முட்டை முதலில் வெறும் தண்ணீரில் மூழ்கும். உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க மேலே வரும். அதன் தலை பழைய 25 காசு அளவுக்குத் தெரிந்தால் கரைசல் பதம். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு. முட்டை பழையதாக இருந்தால் உப்பில்லாமலே மிதந்து உன் மானத்தை வாங்கும், ஆகவே வீட்டில் ஒருமுறை செய்து பார். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைப் போடு. பொக்கும் அரைகுறையும் மிதக்கும், கனத்த மணி அடியில் தங்கும்.

பேச்சு இப்படிப் போகட்டும். மனப்பாடம் செய்யாதே, உன் வாயில் மாற்றிச் சொல்:

'எல்லோருக்கும் வணக்கம். நான் காலையில் சாப்பிட்ட இட்லி காற்றால் ஆனது. சிரிக்காதீர்கள், வான் ஹெல்மான்ட் என்பவர் எடைபோட்டே பார்த்திருக்கிறார்...' இங்கே தொட்டிக் கதை, ஒரு நிமிடம்.

'அந்தக் காற்றைச் சோறாக்கும் வேலையில் பாதிக்கும் மேல் மூன்றே மூன்று புற்களிடம் கொடுத்திருக்கிறோம். 1970களில் அதில் ஒரு புல்லுக்கு நோய் வந்தது...' இங்கே புகையான், ஆறாயிரம் பை, ஒரே ஒரு காட்டு நெல். இரண்டு நிமிடம். அவசரப்படாதே, 'ஒரே ஒரு பை' என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு விடு.

'அது களை. மணி கொட்டும், யாரும் விதைக்க மாட்டார்கள். அதில் வீசம் எடுத்துக்கொண்டு ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிர் செய்தோம். பூச்சி திரும்பவும் வந்தது, இன்னும் வரும். அதனால் அடுத்த களையையும் பிடுங்கி எறிவதற்கு முன்னால் ஒரு முறை உற்றுப் பார்க்க வேண்டும்.' ஒரு நிமிடம்.

மீதி ஒரு நிமிடம் உப்புத் தண்ணீர். ஒரு வார்த்தை பேசாமல் நெல்லைப் போடு, மிதப்பதும் மூழ்குவதும் பிரியும்வரை அரங்கத்தைக் காத்திருக்க வை. கண்ணாடியைத் தூக்கிக் காட்டிவிட்டு, 'நன்றி' என்று இறங்கிவிடு.

அவளுடைய தம்பி, ஐந்தாம் வகுப்பு, மன்னார்குடி

கேள்வி: அக்காவுக்குப் பரிசு கிடைக்கவில்லை என்றால்?

பதில்: அடேய், உனக்கு அதில் என்ன சந்தோஷம்? மிதந்த நெல்லைக் கோழிக்குப் போடு. மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை உப்புப் போகக் கழுவி, நூறு மணி எண்ணி, ஈரத் துணியில் முடிந்து வை. சில நாளில் அவிழ்த்து முளை விட்டதை எண்ணு. எண்பதுக்குக் குறையாமல் இருந்தால் அது சான்று பெறத் தகுந்த விதைநெல்லின் அளவு. கோப்பை வந்தால் அலமாரியில் இருக்கும். இதைக் கொல்லையில் ஒரு பழைய வாளியில் நட்டால், தைக்கு அக்கா கையாலேயே உனக்குப் பொங்கல்.